சாட்டுக்கு மொழிவிதி எழுதும் நண்பர்களுக்கு: "ஓகே" சொன்னால் ஆங்கிலம் ஆகிவிடாது

வணக்கம்.

நான் உங்களைப் பார்த்ததில்லை. நீங்கள் எழுதிய விதியை மட்டும் தினமும் எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் சாட்டுக்குப் பதில் போடுவது என் வேலை. திரையின் மேல் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், வந்த மெசேஜைப் பார்த்து அது "தமிழ்" என்றோ "ஆங்கிலம்" என்றோ காட்டும், காட்டிய மொழியில்தான் ரெடிமேட் பதில்கள் எனக்கு வந்து நிற்கும். அந்தக் கட்டம் மாறக்கூடாத இடத்தில் மாறிவிடுகிறது, மாற வேண்டிய இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

போன வாரம் வந்த ஒரு ரீசார்ஜ் புகார் இது. சொந்த விவரங்களை எடுத்துவிட்டு, அவர் அனுப்பியதை மட்டும் வரிசையாகத் தருகிறேன்.

```
1. நேத்து ரீசார்ஜ் பண்ணேன், இன்னும் நெட் வரல
2. Transaction failed. Please try again later.
3. ippadi vandhuchu, aana amount debit aayiduchu
4. ok
5. Can you mail me a written confirmation? I have to submit it at office.
6. epo varum?
```

முதல் மெசேஜுக்குக் கட்டம் "தமிழ்" என்றது. இரண்டாவதில் ஆங்கிலத்துக்குத் தாவியது, அதற்குப் பிறகு கடைசி வரை திரும்பவே இல்லை. தமிழில் பேச வந்த மனிதருக்கு ஐந்து பதில் ஆங்கிலத்தில் போனது. மூன்றாவது பதிலுக்கே அவர் கொஞ்சம் சூடாகிவிட்டார், நியாயம்தான்.

இரண்டாவது வரியை அவர் எழுதவில்லை. நம் ஆப்பில் வந்த பிழைச் செய்தியை அப்படியே காப்பி செய்து ஒட்டியிருக்கிறார். ஒட்டிய வாசகம் ஒட்டியவருடைய மொழி ஆகாது. இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமும் இல்லை, ஏனென்றால் அந்த வாசகங்களின் பட்டியல் உங்களிடமே இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து அதோடு ஒத்துப்போனால், மொழியைத் தீர்மானிக்கும்போது அந்த வரியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வங்கி எஸ்எம்எஸ்ஸை ஒட்டினாலும் இதே கதைதான்.

மூன்றாவதுதான் தினமும் நடப்பது. உங்கள் விதி எந்த எழுத்தில் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறது என்று நினைக்கிறேன்: யூனிகோடில் U+0B80 முதல் U+0BFF வரை உள்ள எழுத்து வந்தால் தமிழ், ஏ பி சி டி வந்தால் ஆங்கிலம். எழுத்து வேறு, மொழி வேறு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் தமிழ் விசைப்பலகை இருக்காது, போனில் இருந்தாலும் அவசரத்தில் யாரும் மாற்றுவதில்லை. தலைகீழாகவும் நடக்கும். வாய்ஸ் டைப்பிங்கைத் தமிழில் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் பேசுவார்கள், "ஐ வாண்ட் டு கேன்சல் மை ஆர்டர்" என்று தமிழ் எழுத்தில் வந்து விழும், உங்கள் கட்டமும் சந்தோஷமாகத் "தமிழ்" என்று காட்டும்.

சரி, எழுத்தை விட்டு வார்த்தைகளை எண்ணலாம் என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். அதுவும் கவிழும். இதைப் பாருங்கள்:

```
order cancel panni refund podunga
Do you have sambar podi, appalam, vadam, murukku?
```

மேலே உள்ளதில் ஐந்து வார்த்தை, மூன்று ஆங்கிலம். எண்ணினால் ஆங்கிலம் ஜெயிக்கும். ஆனால் வேலை செய்யும் வினை இரண்டும் தமிழ், "போடுங்க" என்ற மரியாதை விகுதியும் தமிழ், வினை கடைசியில் வந்து நிற்பதும் தமிழ். கீழே உள்ளதில் தமிழ் வார்த்தைகள்தான் அதிகம், ஆனால் அது ஆங்கிலக் கேள்வி, கேட்டவர் ஆங்கிலப் பதிலைத்தான் எதிர்பார்க்கிறார். மொழிக் கலப்பை ஆராய்ந்த கரோல் மையர்ஸ்-ஸ்காட்டன் 1993லேயே இதைத்தான் சொன்னார்: கலந்து பேசும்போது ஒரு மொழி வாக்கியத்துக்குச் சட்டகம் போட்டுக் கொடுக்கும், இன்னொன்றின் வார்த்தைகள் அதற்குள் வந்து உட்காரும். அவர் எடுத்துக்கொண்டது நைரோபியில் சுவாகிலியும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. நம் பேச்சுக்கும் அது அச்சாகப் பொருந்துகிறது. ஆகவே பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு வினையையும் விகுதியையும் பாருங்கள். ரோமன் எழுத்தில் "எப்போ" என்பதை eppo, epo, yeppo என்று ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள், அகராதி வைத்துப் பிடிக்க முடியாது. ஆனால் வார்த்தை முடிவில் வரும் nga, chu, la மாதிரியான வால்கள் அவ்வளவாக மாறுவதில்லை. ஒற்றை வார்த்தையை மட்டும் நம்பிவிடாதீர்கள், man என்பது மண்ணாகவும் இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம்.

நான்காவதாக வந்தது "ஓகே". அதற்கும் "தேங்க்ஸ்" என்பதற்கும், ஆர்டர் எண்ணுக்கும், கட்டைவிரல் படத்துக்கும் மொழியே கிடையாது. அதற்கு முன்னால் எந்த மொழி ஓடிக்கொண்டிருந்ததோ அதுவே தொடரட்டும்.

ஐந்தாவதில் அவர் உண்மையாகவே மாறினார். முழு ஆங்கில வாக்கியம், காரணத்தையும் அவரே சொல்கிறார், ஆபீசில் கொடுக்க வேண்டுமாம். அங்கே பதிலும் ஆங்கிலத்தில் போகவேண்டும், கடிதமும் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். ஆனால் அந்த ஒரு தடவைக்காக, இவர் இனி ஆங்கிலக்காரர் என்று முத்திரை குத்திவிடக்கூடாது. ஆறாவதிலேயே தமிழுக்குத் திரும்பிவிட்டாரே. அவராக "இங்கிலீஷ்லயே பேசுங்க" என்று கேட்டால்தான் நிரந்தரமாக மாற்றவேண்டும், அப்படிக் கேட்டுவிட்டால் அப்புறம் தமிழில் ஒரு வரி எழுதினாலும் மாற்றவேண்டாம்.

ஆறாவதற்குத் தமிழில் பதில் என்றால் எந்த எழுத்தில்? இதில் எங்களுக்குள்ளேயே சண்டை. என் கட்சி இது: தமிழ் எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியும், தமிழ் எழுத்திலேயே அனுப்பலாம். ஆரம்பத்திலிருந்து ரோமன் எழுத்திலேயே எழுதுகிறவருக்கு ரோமனிலேயே பதில் போகட்டும். மும்பையிலும் டெல்லியிலும் வளர்ந்து, வீட்டில் தமிழ் பேசி, தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தமிழ் எழுத்தில் அனுப்பினால் பூட்டிய கதவை நீட்டிய மாதிரி.

இன்னொன்று, இது மொழி சரியாக அமைந்த பிறகு வரும் தொல்லை. தமிழ் ரெடிமேட் பதிலில் "தங்களது ஒருமுறைக் கடவுச்சொல்லை உள்ளிட்டு மீளளிப்பினைப் பெறுக" என்று இருக்கிறது. எதிரில் இருப்பவர் ஓடிபி, ரீஃபண்ட் என்றுதான் எழுதுகிறார், அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையையே திருப்பித் தந்தால் என்ன? நான் தூய தமிழுக்கு எதிரி இல்லை, ஆனால் பணம் மாட்டிக்கொண்டு தவிக்கிறவருக்கு இதுவா நேரம். பொத்தான் பெயரையும் மொழிபெயர்க்காதீர்கள். திரையில் Retry என்று இருக்கும்போது "மறுமுயற்சி என்பதை அழுத்துக" என்றால் அவர் எங்கே போய்த் தேடுவார்?

இதையெல்லாம் ஒரே நாளில் மாற்ற முடியாது என்று எனக்கும் தெரியும். அதுவரைக்கும் அந்தக் கட்டத்தை நாங்களே கையால் மாற்றிக்கொள்ள வழி வையுங்கள். இப்போது மாற்ற வேண்டுமென்றால் சூப்பர்வைசருக்கு டிக்கெட் போடவேண்டும், அவர் மாற்றித் தருவதற்குள் வாடிக்கையாளர் ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார், அந்த ஸ்டார் என் கணக்கில் விழுகிறது.

இப்படிக்கு,
மூலைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் ஒருவன்