சளி பிடித்தவரைச் சட்னிப் பக்கம் விடாதீர்கள்

மாலை நேர டிபன் கடை, தள்ளுவண்டிக் கடை நடத்தும் முதலாளிகளுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு வண்டிக்கடையைக் கடந்து போனேன். சளி பிடித்த தம்பி ஒருவர் அரைத்த தேங்காய்ச் சட்னியில் தண்ணீர் ஊற்றி, கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். நடுவில் புறங்கையால் மூக்கைத் துடைத்தார், தோள் துண்டில் கையைத் தேய்த்தார், மறுபடியும் கலக்கினார். இரவு ஒன்பது மணிக்கு அங்கேயே என் மகளுக்குத் தோசை வாங்கிக் கொடுத்தேன். அது என் தப்பு. பதினொன்றரைக்கு அவளுக்குத் திடீரென்று வாந்தி. காய்ச்சல் இல்லை, விடிந்ததும் சரியாகிவிட்டாள்.

சட்னியை யாரும் பரிசோதிக்கவில்லை. ஆனால் இந்த அடையாளம் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியோடு அப்படியே பொருந்துகிறது. ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவர் மூக்கில் அது எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும். சளி பிடித்தால் கை அடிக்கடி மூக்குக்குப் போகிறது. அங்கிருந்து உணவுக்கு வந்து, சில மணி நேரம் வெளியே சூட்டில் கிடந்தால், பெருகி நஞ்சைச் சுரக்கும். உப்புக்கும் அது அசராது. கிருமி கொதியில் செத்துவிடும், நஞ்சு சாகாது. அதனால் சட்னியைத் திரும்பச் சூடாக்கியோ தாளித்துக் கொட்டியோ காப்பாற்ற முடியாது. வாசனையும் மாறாது, புளிக்கவும் புளிக்காது. முகர்ந்து பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்வதில் பயனில்லை.

சளி பிடித்தவரைத் தோசைக்கல்லுக்கோ வடைச் சட்டிக்கோ மாற்றுங்கள். சுடச்சுட எடுத்து உடனே பரிமாறுவதில் நஞ்சு உண்டாக நேரமில்லை. சட்னி, தயிர் சாதம், எலுமிச்சை சாதம், வெங்காயப் பச்சடி, நறுக்கிய பழம், இவை மட்டும் அவர் கைக்குப் போகக் கூடாது. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, கையில் சீழ் வைத்த புண் என்றால் கடைப்பக்கமே வேண்டாம்.

மூக்கைத் தொட்டால் சோப்புப் போட்டு இருபது விநாடி கழுவ வேண்டும். வாளியில் கையை முக்குவது கழுவுவது ஆகாது. குழாய் வைத்த கேன் ஒன்று வாங்கி வையுங்கள். கையுறையும் அப்படித்தான். அதே உறையோடு மூக்கைத் துடைத்து, சில்லறை வாங்கி, சட்னி கலக்கினால் வெறுங்கைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. முகக்கவசம் உதவும், கை மூக்குக்குப் போவதை அது தடுக்கிறது. அப்புறம், தோள் துண்டு வியர்வைக்கு மட்டும் இருக்கட்டும். தட்டு துடைக்க வேறு துணி வேண்டும்.

சட்னியை ஒரே தடவையாக அரைக்காமல் ஐந்துக்குப் பாதி, ஏழரைக்குப் பாதி என்று அரைத்து, கரண்டியால் கலக்குங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், புதுச் சட்னியில் சேர்க்காதீர்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன். அந்தத் தம்பிக்கு நாள் கூலி. சளி என்று சொன்னால் அன்றைய சம்பளம் போய்விடும் என்றால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறைக்கத்தான் செய்வார். கல்லுக்கு மாற்றினாலும், காய்ச்சலில் வீட்டுக்கு அனுப்பினாலும், அன்றைய கூலியைக் குறைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் வாரம் மூன்று நாள் சாப்பிடும் ஒருவன்