என் கையெழுத்துக்கு மேலே நான் எழுதாத மூன்று சொற்கள்

மதிப்புக்குரிய துறைத்தலைவர் அய்யாவுக்கும், பரிந்துரைக் கடிதங்களைச் சரிபார்த்து அனுப்பும் அலுவலகத்தாருக்கும் வணக்கம்.

இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், பதில் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மொரிஷியஸில் பிள்ளைகளைப் பட்டப்படிப்புக்கு அனுப்பியிருக்கும் நம் தமிழ்ப் பெற்றோரும் படிக்கட்டும் என்று தமிழிலேயே எழுதுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு முதுநிலை உதவித்தொகைக்கு விண்ணப்பித்த என் மாணவிக்கு நான் எழுதிய கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்டியது. ஒரே பக்கம், மூன்று குறிப்பான திறன்கள் என்பது உதவித்தொகை தருகிறவர்களின் விதி. விதியைச் சரியாகப் படிக்காமல் எழுதியது என் தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அலுவலகம் அதை என்னிடம் திருப்பித் தரவில்லை. தானே சுருக்கி, கோப்பில் இருந்த என் கையெழுத்தின் படத்தை ஒட்டி, வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிவிட்டது. அனுப்பிய பிரதி மூன்று வாரம் கழித்துத்தான் என் கைக்கு வந்தது.

ஒரு பக்கம் என்ற விதியோடு எனக்குச் சண்டை இல்லை. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படிக்கிறவர்கள் இரண்டாம் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள். ஒரு பக்கம் என்றால் கல்லூரித் தலைப்பும் முகவரியும் போக ஏறக்குறைய நானூறு சொற்கள். அதில் எதை வைப்பது, எதை விடுவது என்பதுதான் முழு வேலையும், அதை அந்தப் பெண்ணைப் பார்த்தவர்தான் செய்ய முடியும். அலுவலகம் மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்து பக்கம் நிறைந்ததும் கீழே வெட்டிவிட்டது. அதனால் துறையின் வரலாறு தப்பியது, நான் நடத்தும் பாடங்களின் பெயர்கள் தப்பின, மதிப்பெண் சான்றிதழிலேயே இருக்கிற மதிப்பெண்களும் தப்பின. வெட்டுப்பட்டது அந்தப் பெண். மூன்று திறன்கள் வேண்டுமே என்று யாரோ கடைசியில் மூன்று சொற்களைச் சேர்த்திருக்கிறார்கள்: கடின உழைப்பு, ஈடுபாடு, நேரம் தவறாமை.

அய்யா, இந்த மூன்றும் ஒரே திறன்தான். படிக்கிற குழு இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று வருஷம் பார்த்த ஆசிரியருக்கு நேரத்துக்கு வருவாள் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை என்றுதான் நினைப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகமாக நடக்கிறது. ஓர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003-ல் வெளியான கட்டுரை ஒன்று உண்டு. பெண்களுக்கு எழுதிய கடிதங்கள் சராசரியாகக் குட்டையாக இருந்தன, உழைப்பைப் பற்றிய பேச்சு அவற்றில் அதிகமாக இருந்தது, ஆராய்ச்சியைப் பற்றிய பேச்சு குறைவாக இருந்தது. என் மாணவிக்கும் அதையே செய்தோம், அதுவும் என் பெயரில்.

நான் எழுதியதில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன். அவளுடைய இறுதியாண்டு ஆய்வு, கரும்பு வயல்களை ஒட்டி ஓடும் ஓர் ஆற்றுத் தண்ணீரில் நைட்ரேட் அளவு பற்றியது. நாலாவது வாரம் அவளாகவே ஒன்றைக் கவனித்தாள். ஆற்று நீர் சேராத வெற்று மாதிரி, பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டியது, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. பிழை ஆற்றில் இல்லை, ஆய்வகத்தில் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. குப்பிகளை மாற்றிப் பார்த்தாள், ரசாயனத்தைப் புதிதாகக் கலந்து பார்த்தாள், கடைசியில் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியில் நைட்ரேட்டைப் பிடித்துவைக்கும் பிசின் தீர்ந்துபோனதைக் கண்டுபிடித்தாள். நாங்கள் சுத்தம் என்று நம்பி ஊற்றிய தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தது. அப்புறம் தன் மூன்று வார அளவீடுகளைத் தானே அடித்துவிட்டு மறுபடி ஆற்றுக்குப் போனாள். அப்படிச் செய் என்று நான் சொல்லவில்லை. முதல் திறன் இது. அலுவலகப் பிரதியில் இதுதான் ‘கடின உழைப்பு’ ஆகியிருக்கிறது.

இரண்டாவது, மாதிரி எடுக்கும் நாட்களை அவள் அட்டவணை பார்த்து முடிவு செய்யவில்லை. வயலில் வேலை செய்கிற பெரியவர்களிடம் கிரியோலில் பேசி, எந்த வாரம் உரம் போட்டார்கள் என்று கேட்டு, அதற்குப் பின் பெய்த முதல் மழைக்கு மறுநாள் போய் நின்றாள். அளவு உச்சத்துக்குப் போனது அன்றைக்குத்தான். மூன்றாவது, வெற்று மாதிரியை எப்படிச் சோதிப்பது என்று அவள் எழுதி ஒட்டிவைத்த ஒரு தாளைத்தான் அடுத்த ஆண்டு மாணவர்கள் இன்றும் பார்த்துச் செய்கிறார்கள்.

தன் பிழையைத் தேடிப் பிடிப்பது, ஊர் மக்களிடம் கேட்டு ஆய்வைத் திருத்துவது, பிறர் பின்பற்றும்படி எழுதுவது. ஒன்றின் மேல் ஒன்று ஏறாத மூன்று திறன்கள், ஒவ்வொன்றுக்கும் நான் கண்ணால் பார்த்த ஒரு சம்பவம். முன்னால் எத்தனை வருஷம், எந்த முறையில் பழக்கம் என்று இரண்டு வரி, பின்னால் இதுவரை நான் வழிநடத்திய மாணவர்களில் இவள் எந்த இடம் என்று ஒரு வரி. உட்கார்ந்து சுருக்கிப் பார்த்தேன், 390 சொற்களில் வந்துவிட்டது. ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

காவடித் திருநாளன்று கோவில் வாசலில் அவளையும் அவள் அப்பாவையும் பார்த்தேன். அவர் பஸ் ஓட்டுநர். “மிஸ், நீங்க நல்லாத்தானே எழுதினீங்க?” என்று கேட்டார். உதவித்தொகை கைவிட்டுப் போனதற்கு அந்தக் கடிதம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அது எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு ஆமாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இது ஒரு கடிதத்தோடு நிற்கிற வழக்கமும் இல்லை. நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்று மாணவர்களிடம் சொல்கிற ஆசிரியர்கள் நம்மில் இருக்கிறார்கள். போன வருஷக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி, ஒரு பெண்ணை ‘அவன்’ என்று விட்ட கடிதம்கூட நம் துறையிலிருந்து போயிருக்கிறது. வருஷக் கணக்காக நம்மிடம் படித்த பிள்ளைக்கு ஒரு பக்கம் எழுத நமக்கு நேரம் இல்லை என்றால் எதற்கு நேரம் வைத்திருக்கிறோம்? மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். கடிதம் நீளமாக இருந்தால் எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள். எவ்வளவு அவசரமானாலும் அலுவலகம் அதில் ஒரு சொல்லையும் வெட்ட வேண்டாம், சேர்க்க வேண்டாம். எழுதியவர் கடைசிப் பிரதியைப் பார்க்காமல் அவர் கையெழுத்தை ஒட்ட வேண்டாம்.

அவள் இந்த வருஷமும் விண்ணப்பிக்கிறாள். அந்த ஒரு பக்கக் கடிதத்தை இன்று காலை உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன், இந்த முறை பேனாவால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தயவுசெய்து அதை அப்படியே அனுப்பிவையுங்கள்.

பணிவுடன்,
உங்கள் துறையின் விரிவுரையாளர் ஒருவர்