பாங்குக்கு ரீடேக் கிடையாது

என் அருமை மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இஃப்தார் வீடியோவுக்கு நீ எழுதி அனுப்பிய ஸ்கிரிப்டை இரண்டு முறை படித்தேன். வசனம் நன்றாக வந்திருக்கிறது. கடிகாரத்தில்தான் கோளாறு. கஞ்சி, வடை, பேரீச்சம்பழம், துஆ, தொழுகை என்று சமையல் வீடியோ போல வரிசையாக அடுக்கியிருக்கிறாய். நோன்பு திறக்கும் வீடியோவில் நேரத்தை உன்னால் தீர்மானிக்க முடியாது, சூரியன்தான் தீர்மானிக்கும். அதனால் ஸ்கிரிப்டை மஃரிப் பாங்கிலிருந்து பின்னோக்கி எழுது. படம் பிடிக்கிறவளும் நோன்பாளி என்பதையும் கணக்கில் வை.

பாங்கு 6.22 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பள்ளிவாசல் அட்டவணையைப் பார்த்து அன்றைய நேரத்தைப் போட்டுக்கொள். 6.10-க்குள் எல்லோரும் சுப்ரா விரிப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முன் 6 மணிக்குள் அக்கம்பக்கத்துக் கஞ்சி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்படியானால் 5.50-க்கு அடுப்பை அணைக்க வேண்டும், 5.10-க்கு அரிசி பானையில் இருக்க வேண்டும், 4.40-க்கு வெங்காயம் வதங்கத் தொடங்க வேண்டும். அரிசியை 4.30-க்கே ஊறப் போட்டுவிடு. அஸர் தொழுதுவிட்டு அடுப்படிக்குப் போனால் சரியாக இருக்கும்.

கஞ்சிக்கு நீ எழுதியிருக்கும் அளவு வீட்டுக்கு மட்டும்தான் வரும். வீட்டில் ஐந்து பேர், இரண்டு வீட்டுக்குத் தூக்கு என்றால் இப்படி எடுத்துக்கொள். பச்சரிசிக் குருணை கால் கிலோ, வறுத்த பாசிப்பருப்பு 50 கிராம், வெந்தயம் ஒரு டீஸ்பூன், கொத்துக்கறி 150 கிராம், தண்ணீர் இரண்டரை லிட்டர், கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு டம்ளர். பட்டை, கிராம்பு, ஏலக்காய், வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, பச்சை மிளகாய், புதினா, மல்லி எல்லாம் நீ போடுவது போலவே போடு. ரம்பை இலை கிடைத்தால் ஒரு துண்டு போதும்.

உப்பை மட்டும் கைக்கணக்கில் போடாதே. சமைக்கிறவள் ருசி பார்க்க முடியாத மாதம் இது. தேவை இருந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், விழுங்கக் கூடாது என்று அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் கேமரா முன்னால் அதைச் செய்தால் பார்ப்பவர்களுக்குக் குழப்பம்தான் வரும். மேலே சொன்ன அளவுக்குத் தலைதட்டி மூன்று டீஸ்பூன் தூள் உப்பு சரியாக இருக்கும். அதை ஸ்கிரிப்டிலும் சொல்: “நோன்பு நாளில் உப்பு, ருசி பார்த்துப் போடுவதல்ல, அளந்து போடுவது.” கூடக்குறைய இருந்தால் சரிசெய்துகொள்ள சுப்ராவில் ஒரு உப்புக் கிண்ணம் வைத்துவிடு.

உன் ஸ்கிரிப்டில் கறியை வெங்காயத்தோடு சேர்த்தே வதக்குகிறாய். வீட்டோடு சாப்பிட்டு முடிப்பதென்றால் அது சரி. பகிர்ந்து கொடுப்பதென்றால் கறியைத் தனிச் சட்டியில் வதக்கு. பக்கத்து வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருக்கலாம். கறி சேர்ப்பதற்கு முன் அவர்கள் பங்கைத் தனித் தூக்கில் எடுத்துவிட்டால் சங்கடமில்லை. அதைக் கிண்டவும் ஊற்றவும் வேறு கரண்டி வைத்துக்கொள். கறியை வதக்கும்போது அது விடும் தண்ணீர் சுண்டும்வரை கரண்டி முனையால் உடைத்துக்கொண்டே இரு. விட்டால் உருண்டை உருண்டையாகக் கட்டிப்போகும், கஞ்சியில் போட்ட பிறகு அது கரையாது.

எல்லோரும் தவறுகிற இடம் கஞ்சியின் பதம். வீடியோவுக்காகக் கெட்டியாகக் காய்ச்சிவிடுகிறார்கள். கரண்டியிலிருந்து கனமாக விழுந்தால் படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் குருணையின் மாவுச்சத்து ஆற ஆறத் தண்ணீரை இழுத்து இறுகும். அணைக்கும்போது கெட்டியாக இருந்த கஞ்சி, அரைமணி நேரம் கழித்துப் பாங்கு சொல்லும்போது களியாகிவிடும். காலையிலிருந்து வறண்ட தொண்டையில் அது இறங்காது. அடுப்பை அணைக்கும்போது கரண்டியின் முதுகில் நிற்காமல் மோர் போல ஓட வேண்டும். “இது தண்ணியா இருக்கே” என்று தோன்றுகிற பதம்தான் சரியான பதம். அதையே படமெடு, 6.25-க்குக் கோப்பையில் இருக்கும் பதத்தையும் எடு. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் விளக்கமே வேண்டாம். அரை லிட்டர் வெந்நீர் கைவசம் இருக்கட்டும், இறுகினால் அதை ஊற்றி இளக்கலாம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கஞ்சி தனியாகவும் நீர் தனியாகவும் நிற்கும்.

தேங்காய்ப்பாலை அடுப்பை அணைத்த பிறகு ஊற்று. கொதியில் ஊற்றினால் திரிந்து மேலே எண்ணெய் மிதக்கும். தராவீஹ் தொழுகை முடிந்து சாப்பிடுகிறவர்களுக்கு எடுத்து வைப்பதில் தேங்காய்ப்பால் சேர்க்காதே, இந்த வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும். கடைசிப் பத்து நிமிடம் தீயைக் குறைத்து அடியைத் தொட்டுக் கிண்டு. கேமராவைச் சரிசெய்யப் போகிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் அடிப்பிடிக்கும். கருகல் வாடை வந்தால் கிண்டாதே, சுரண்டாதே, மேலாக உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடு. ஒரு தடவை சுரண்டிவிட்டால் அந்த வாடை முழுப் பானைக்கும் ஏறும்.

வடை, சமோசாவுக்கு ஒரு காட்சி போதும். ஆறு மணிக்குப் பொரித்து எடு, மூடி வைக்காதே, நமத்துப்போகும்.

இனிப் பகிர்தல். ஒருவருடைய நோன்பைத் திறக்கச் செய்பவருக்கு, அந்த நோன்பாளியின் கூலியில் எதுவும் குறையாமல் அதே கூலி உண்டு என்ற ஹதீஸை எழுதியிருக்கிறாய். நல்லது, திர்மிதீ ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது என்றும் சேர்த்துக்கொள். அதோடு, குழம்பு காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள் என்று அபூதர் அவர்களிடம் நபி (ஸல்) சொன்னது முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. கஞ்சிக்கு அதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது, தூக்கில் ஊற்றும் காட்சியில் வை. தூக்கை முக்கால்தான் நிரப்பு, கொதிக்கக் கொதிக்க இறுக மூடினால் திறக்கும்போது பீய்ச்சும். வாங்குகிறவர் முகத்தை எடுக்காதே. தூக்கு கை மாறுகிற இடத்தில் கைகள் மட்டும் தெரிந்தால் போதும். பள்ளிவாசலில் கஞ்சி வாங்க நிற்கும் வரிசையை எடுப்பதாக எழுதியிருக்கிறாயே, அதை விட்டுவிடு. அங்கே நிற்கும் பிள்ளைகளும் பெரியவர்களும் உன் படத்துக்குச் சம்மதம் சொன்னவர்கள் அல்ல. அண்டாவையும் அகப்பையையும் ஜமாஅத்தில் கேட்டுக்கொண்டு எடுக்கலாம்.

6.10-க்குக் கேமராவை ஸ்டாண்டில் பொருத்திவிடு. டியூப்லைட்டை அப்போதே போட்டு, வொயிட் பேலன்ஸையும் வெளிச்ச அளவையும் லாக் செய். சன்னல் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் குறையும் நேரம் அது. ஆட்டோவில் விட்டால் ஒரே காட்சிக்குள் கஞ்சி மஞ்சளாகவும் நீலமாகவும் மாறி மாறித் தெரியும். ஆவி படாத தூரத்தில் வை, லென்ஸ் மங்கும். 6.17-க்குப் பதிவை ஓடவிட்டு நீயும் போய் உட்கார். அதற்கப்புறம் யாரும் எழுந்திருக்கக் கூடாது.

அந்த ஐந்து நிமிடத்துக்கு நீ எழுதியிருக்கும் வசனம் முழுவதையும் அடித்துவிடு. அது துஆ கேட்கிற நேரம், ஆளாளுக்கு மெதுவாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மின்விசிறிச் சத்தம், கோப்பை நகரும் சத்தம், பிறகு பாங்கு. பின்னணி இசை வேண்டாம். வேறெங்கோ பதிவான அழகான பாங்கையும் ஒட்டாதே, உங்கள் மோதினார் குரலே இருக்கட்டும்.

பாங்கு கேட்டதும் திறந்துவிட வேண்டும். திறப்பதைத் தாமதிக்காமல் இருக்கும்வரை மக்கள் நன்மையில் இருப்பார்கள் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் இருக்கிறது. “ஒரு நிமிஷம், ஃபோகஸ் போச்சு” என்று சொல்லி யாரையும் காக்க வைக்காதே. காட்சி பழுதானால் மறுபடி நடிக்கச் சொல்லவும் கூடாது. ஒரு நோன்பை இரண்டு முறை திறக்க முடியாது. மறுநாள் எடுத்துக்கொள், மாதம் முழுக்க இருக்கிறது.

துஆவில் ஒரு திருத்தம் இருக்கிறது. “தஹபள் ளமஉ, வப்தல்லதில் உரூக்கு, வஸபதல் அஜ்ரு இன்ஷா அல்லாஹ்” என்பதைப் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுக்கும்போதே திரையில் போட்டிருக்கிறாய். அதன் பொருளைப் பார். தாகம் தணிந்தது, நரம்புகள் நனைந்தன, அல்லாஹ் நாடினால் கூலியும் உறுதியாயிற்று. தணிந்தது என்று சொல்ல முதலில் தண்ணீர் இறங்க வேண்டும் அல்லவா? பிஸ்மி சொல்லிப் பழம், ஒரு மிடறு தண்ணீர், அதன் பிறகு இந்த எழுத்து வரட்டும். நபியவர்கள் செங்காய்ப் பதத்துப் பேரீச்சம்பழத்தாலும், அது இல்லாதபோது உலர்ந்த பழத்தாலும், அதுவும் இல்லாதபோது சில மிடறு தண்ணீராலும் திறந்தார்கள் என்பது அபூதாவூதில் உள்ளது. பழம் இல்லாத வீட்டில் தண்ணீரே போதும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடு.

தொழுகைக்குப் பதினைந்து வினாடி ஒதுக்கு. கேமரா வரிசைக்குப் பின்னால், தரையோடு, அசையாமல் நிற்கட்டும். தொழுகிறவர் முன்னால் குறுக்கே போகக் கூடாது என்பதால் கோணம் மாற்றவே முடியாது, முன்பே வைத்துவிடு. மஃரிபின் மூன்று ரக்அத்தில் முதல் இரண்டில்தான் இமாம் சத்தமாக ஓதுவார். அந்த ஒலியைப் பயன்படுத்தினால் ஆயத்து முடிகிற இடத்தில் வெட்டு, நடுவில் வெட்டாதே.

கடைசிக் காட்சியாக நீ எழுதியிருக்கும் நிறைந்த தட்டை நீக்கிவிட்டு, தொழுதுவிட்டு வந்து மீதிக் கஞ்சியை ஊற்றிக்கொள்வதை வை. அப்போது அது இறுகியிருக்கும். வெந்நீர் விட்டு இளக்குவதையும் அங்கேயே காட்டிவிடலாம்.

திருத்திய ஸ்கிரிப்டை அனுப்பு. படப்பிடிப்பு அன்று ஸஹரில் தண்ணீர் கூடுதலாகக் குடி, அடுப்புச் சூட்டில் ஒன்றேகால் மணி நேரம் நிற்கப் போகிறாய்.

வஸ்ஸலாம்.

துஆவுடன்,
உம்மா