ஐந்து ரூபாய்க்கு ரவுண்டு செய்யும் முன்: நம் வணிகர் சங்கத்துக்கு ஒரு மடல்

சங்க நிர்வாகிகளுக்கும் மளிகைக் கடை வைத்திருக்கும் சக உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சில்லறை கிடைப்பதே இல்லை. அதனால் ரொக்க பில்லை அருகிலுள்ள ஐந்துக்கு ரவுண்டு செய்யலாம் என்கிறீர்கள். 181, 182 என்றால் 180. 183, 184 என்றால் 185. ஒரு நாள் நமக்கு லாபம், ஒரு நாள் அவர்களுக்கு, மொத்தத்தில் சரியாகிவிடும் என்பது உங்கள் கணக்கு.

எப்போதாவது வருகிறவருக்கு இது பொருந்தும். வாடிக்கையாளருக்குப் பொருந்தாது, ஏனென்றால் அவர் தினமும் ஒரே சாமானைத்தான் வாங்குகிறார். 28 ரூபாய் பால் பாக்கெட் ஒன்று வாங்கும் வீட்டுக்கு முப்பது நாளும் 30 ரூபாய்தான். மாதம் அறுபது ரூபாய் கூடுதல், ஒரு நாள்கூடக் குறையாது. அந்த அம்மா இரண்டாவது வாரமே கேட்டுவிடுவார். கேட்காமல் அடுத்த தெருக் கடைக்குப் போனால்தான் நமக்கு நஷ்டம்.

சட்டச் சிக்கலும் உண்டு. பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்க 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் இடம் தரவில்லை. 28 ரூபாய் பாக்கெட்டுக்கு 30 வாங்கிவிட்டு, தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் சில்லறை இல்லை என்று சொன்னால் எடுபடாது.

என் யோசனை இதுதான். பாக்கெட் சாமான் மட்டும் உள்ள பில்லை எப்போதும் கீழேதான் இறக்க வேண்டும். 183 என்றால் 180. சர்க்கரை மாதிரி லாபம் குறைந்த சரக்கில் மூன்று ரூபாய் விடுவது வலிக்கும், தெரியும். அதற்குத்தான் உதிரிச் சரக்கு இருக்கிறதே! "இரண்டு ரூபாய்க்குப் பச்சைமிளகாய் போடட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், பில்லும் நியாயமாகவே 185 ஆகிவிடும். வேண்டாம் என்றால் 180 வாங்கிக்கொள்ளலாம். கேட்காமல் மிட்டாயைக் கையில் திணிக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம்.

தினம் வருகிறவர்களுக்கு நோட்டு இருக்கிறது. இன்று இரண்டு ரூபாய் தர முடியவில்லையா, அவர் கண்முன்னே வரவு எழுதி, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம். கடன் பாக்கியை எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையில்லை.

ரவுண்டு செய்வது மொத்தத்தில் ஒரே ஒரு முறை. 23, 33, 43 ரூபாய்க்கு மூன்று சாமான் என்றால் மொத்தம் 99. அதை 95-க்கு இறக்கினாலும், மிளகாய் போட்டு 100 ஆக்கினாலும் வாடிக்கையாளருக்குப் புரியும். ஒவ்வொன்றாக 25, 35, 45 என்று ஏற்றினால் 105 ஆகிவிடும். சில கடைகளில் பில் போடும் பையன்கள் இப்போதே இப்படித்தான் செய்கிறார்கள். கழித்த தொகை பில்லில் தனி வரியாகத் தெரியட்டும். ஜிபே, போன்பேயில் கட்டுகிறவரிடம் பைசா சுத்தமாக வாங்கலாம், அங்கே ரவுண்டுக்கே வேலையில்லை.

எல்லாக் கடைக்கும் ஒரே நோட்டீஸ் அச்சடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதில் "அருகிலுள்ள ஐந்துக்கு" என்ற வரியை எடுத்துவிட்டு, "பாக்கெட் சாமானுக்குக் கீழே மட்டும்" என்று போடச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு மளிகைக் கடைக்காரன்