பங்குத்தொகை எப்போது திரும்பும்?

ஆசிரியருக்கு,

கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினர் சேர்ப்பு பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். சேர்ப்பதில் காட்டும் வேகத்தை, விலகுபவரின் பங்குத்தொகையைத் திருப்பித் தருவதிலும் காட்ட வேண்டும். பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் வாங்கும்போதெல்லாம் ஒரு பகுதியைப் பங்குத்தொகையாகப் பிடித்தார்கள். ஓய்வுபெற்று, கடனை முழுதாக அடைத்து விண்ணப்பித்தேன். நிர்வாகக் குழுத் தீர்மானம் ஆகவில்லை என்றார்கள். அப்புறம், நான் ஜாமீன் போட்ட சக ஊழியரின் கடன் பாக்கி இருக்கிறது என்றார்கள். ஜாமீன் தீரும்வரை பணத்தை நிறுத்திவைப்பது சரி. ஆனால் விண்ணப்பித்த அன்றே சொல்லியிருந்தால், வேறு ஜாமீன்தாரரை மாற்றிக் கொடுக்கும்படி அவரிடம் கேட்டிருப்பேன்.

ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே பங்கு இருப்பு, கடன் பாக்கி, ஜாமீன் விவரம் மூன்றையும் சங்கம் உறுப்பினருக்கு எழுதித் தர வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஊழியர், மதுரை