இன்வெர்ட்டர் பேட்டரி என்று விற்றுவிட்டு பவர் பேங்க் அனுப்பியது தொடர்பான புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: படமும் லேபிளும் பொருந்தாத பொருளை அனுப்பியது, திரும்பப் பெற மறுத்தது, ஆபத்தான ஆலோசனை சொன்னது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நான் மண்டபத்தில் வீட்டு வயரிங், இன்வெர்ட்டர் வேலை பார்க்கிறேன். தங்கச்சிமடத்தில் என் அக்கா வீட்டுக்காக உங்கள் தளத்தில் 12 வோல்ட், 150 ஏ.ஹெச். இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றை முழுப் பணமும் கட்டி ஆர்டர் செய்தேன். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று ஏறிவிட்டால் அக்கா இருக்கும் இராமேஸ்வரம் தீவில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அக்காவின் மாமியாருக்கு மூச்சிரைப்பு இருக்கிறது. ராத்திரியில் ஃபேன் நின்றால் அவர் தூங்க முடியாது. அதற்காக வாங்கிய பேட்டரி இது.

உங்கள் பக்கத்தில் இருந்த படம் உயரமான டியூபுலர் பேட்டரியின் படம். மேலே இரண்டு தடித்த ஈய முனைகள், வரிசையாக ஆறு மூடிகள், ஒவ்வொரு மூடியிலும் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவை. வந்து சேர்ந்ததோ கையடக்கமான ஒரு கறுப்புப் பெட்டி. அதன் ஒரு பக்கத்தில் மூன்று யு.எஸ்.பி. துளைகள், ஒரு சிறிய வட்டத் துளை, ஒரு டார்ச் விளக்கு. அடியில் ஒட்டியிருந்த லேபிளில் `3.7V 150000mAh 555Wh` என்று அச்சாகியிருந்தது. இது பவர் பேங்க்.

நான் படம் எடுத்து அனுப்பினேன். உங்கள் ஊழியர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆயிரம் மில்லி ஆம்பியர் அவர் என்றால் ஒரு ஆம்பியர் அவர். ஒன்றரை லட்சம் என்றால் 150. நீங்கள் கேட்டதும் 150, வந்ததும் 150" என்று எழுதி புகாரை மூடிவிட்டார். என் கோபம் பொருள் மாறி வந்ததைவிட இந்தப் பதிலின் மேல்தான் அதிகம். பொருள் மாறி வருவது எங்கும் நடக்கும். ஆனால் படத்தையும் லேபிளையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவருக்கு அவற்றைப் படிக்கத் தெரியவில்லை என்றால், எங்களைப் போல தூரத்தில் இருந்து வாங்குகிறவர்களுக்கு வேறு வழியே கிடையாது.

ஏ.ஹெச். எனப்படும் ஆம்பியர் அவர் என்பது எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதில் பாதியை மட்டும்தான் சொல்லும். மீதிப் பாதி வோல்ட். இரண்டையும் பெருக்கினால்தான் வாட் அவர், அதாவது உண்மையில் ஓட்டக்கூடிய அளவு, கிடைக்கும். நான் கேட்டது 12 வோல்ட்டில் 150: பெருக்கினால் 1,800 வாட் அவர். நீங்கள் அனுப்பியது 3.7 வோல்ட்டில் 150: 555 வாட் அவர். லேபிளில் எழுதியதை அப்படியே நம்பினாலும் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 555 என்ற எண் லேபிளிலேயே இருந்தது. உங்கள் ஊழியர் அதை மட்டும் பார்த்திருந்தாலும் போதும்.

அக்கா வீட்டில் ராத்திரி ஓட வேண்டியது இரண்டு சீலிங் ஃபேன், நான்கு எல்.இ.டி. பல்பு, எல்லாம் சேர்த்து 200 வாட் போல வரும். 1,800 வாட் அவர் பேட்டரியும் முழுவதும் கைக்கு வராது. லேபிளில் 150 என்பதற்கு அருகே C20 என்று இருக்கும். 20 மணி நேரம் மெதுவாக, 7.5 ஆம்பியராக எடுத்தால்தான் 150 கிடைக்கும் என்பது அதற்குப் பொருள். அதைவிட வேகமாக இழுத்தால் குறையும், இன்வெர்ட்டரிலும் ஐந்தில் ஒரு பங்கு போல வீணாகும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் புது பேட்டரி ஆறு மணி நேரம் அந்த வீட்டை ஓட்டும். அந்தக் கணக்கை வைத்துத்தான் நான் 150 கேட்டேன். பவர் பேங்க் லேபிளில் C20 என்ற குறிப்பே இருக்காது. ஒரு படத்தில் அது இருக்கிறதா இல்லையா என்பதே பெரும்பாலும் வழக்கைத் தீர்த்துவிடும்.

லேபிள் சொல்லும் 555-ம் உண்மையில்லை என்பதற்கு எடையே சாட்சி. இந்தப் பெட்டியைப் பக்கத்து மீன் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 900 கிராம். பவர் பேங்க்குக்குள் இருப்பவை லித்தியம் செல்கள். விரல் பருமனான சாதாரண உருளைச் செல் ஒன்று 45 முதல் 50 கிராம் இருக்கும், அதில் 3,000 மில்லி ஆம்பியர் அவர் பிடிக்கும். ஒன்றரை லட்சம் வேண்டுமானால் 50 செல்கள். இன்னும் நல்ல செல்லாகப் போட்டாலும் செல்களின் எடை மட்டும் இரண்டு கிலோவுக்குக் குறையாது. 900 கிராமில் பெட்டியின் பிளாஸ்டிக்கையும் சர்க்யூட்டையும் கழித்தால் பதினைந்து செல்லுக்குத்தான் இடமிருக்கும். அதாவது சாதாரணச் செல் என்றால் 170 வாட் அவருக்குள்.

உங்கள் ஊழியர் இரண்டாம் முறை பேசியபோது, "லித்தியம் என்றால் எடை குறைவாகத்தான் இருக்கும்" என்றார். அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருப்பதால் பதில் சொல்கிறேன். லித்தியம் இன்வெர்ட்டர் பேட்டரிகள் இப்போது கிடைக்கின்றன. 150 ஏ.ஹெச். ஈய டியூபுலர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும், இரண்டு ஆள் பிடித்தால்தான் மாடி ஏறும். லித்தியத்தில் எடை பெரிய அளவில் குறைவது நிஜம். ஆனால் 100 ஏ.ஹெச். என்றாலே பத்துக் கிலோ பக்கம் வரும். அவற்றின் லேபிளில் 12.8 வோல்ட் என்று இருக்கும், 3.2 வோல்ட் செல்கள் நான்கை வரிசையாகக் கோப்பதால் வரும் எண் அது. இன்வெர்ட்டரோடு சேர்க்க போல்ட் போடும் தடித்த முனைகளும் இருக்கும். 3.7 வோல்ட் என்று எழுதி யு.எஸ்.பி. துளை வைத்த எதுவும் இன்வெர்ட்டர் பேட்டரி ஆகாது. உங்கள் பார்சல் ஒட்டுச் சீட்டிலேயே எடை 1 கிலோ என்று அச்சாகியிருக்கிறது. பேட்டரி என்ற பெயரில் ஒரு கிலோ பார்சல் உங்கள் கிடங்கைவிட்டுக் கிளம்பியபோதே யாராவது நிறுத்தியிருக்கலாம்.

இதற்கும் மேலே ஒன்று நடந்தது. அந்த வட்டத் துளைக்கு அருகே `DC 12V/2A` என்று எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டி, "அதில் இன்வெர்ட்டர் வயரைச் சேர்த்துப் பாருங்கள்" என்று உங்கள் ஊழியர் எழுதினார். தயவுசெய்து இதை வேறு யாருக்கும் சொல்ல விடாதீர்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 24 வாட். 75 வாட் சீலிங் ஃபேன் ஒன்றுகூட அதில் சுற்றாது. 200 வாட்டுக்கு இன்வெர்ட்டர் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து கரண்ட் திரும்பும்போதுதான். இன்வெர்ட்டர் தானாக சார்ஜராக மாறி, 14 வோல்ட் அளவில் மின்சாரத்தைப் பின்னோக்கித் தள்ளும். வெளியே கொடுக்க மட்டும் அமைத்த துளை வழியே அது உள்ளே போனால், உள்ளிருக்கும் லித்தியம் செல்கள் சூடேறித் தீப்பிடிக்கலாம். ஒரு வயரிங்காரனிடம் சொன்னதால் ஒன்றும் நடக்கவில்லை. வேலை தெரியாத ஒருவர் நம்பிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உங்கள் தளத்தில் இதே பிரிவில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. '4 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் பேட்டரி' என்ற தலைப்பில் நீங்கள் காட்டுவது வோல்டேஜ் ஸ்டெபிலைசர். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகப்பில் எண் காட்டும் திரை, பின்னால் வயர். லேபிளில் உள்ளே வருவது 140 முதல் 300 வோல்ட், வெளியே போவது 200 முதல் 240 வோல்ட் என்று இரண்டு வரி. இரண்டுமே வீட்டு மின்சாரத்தின் அளவுகள். ஏ.ஹெச். என்றோ வாட் அவர் என்றோ ஒரு எழுத்தும் கிடையாது, ஏனென்றால் அது எதையும் சேமிப்பதில்லை. ஏறி இறங்கும் வோல்டேஜை ஒரு அளவில் நிறுத்தித் தருகிறது, அவ்வளவுதான். கரண்ட் போன அடுத்த நொடி அதுவும் அணைந்துவிடும். எங்கள் பக்கம் ஐஸ் பெட்டி, ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டெபிலைசர் அவசியமான பொருள். ஆனால் ராத்திரிக்கு ஃபேன் வேண்டும் என்று அதை வாங்குகிறவர் ஏமாந்துபோவார்.

படத்தில் அளவு தெரியாததால்தான் இவ்வளவும் நடக்கிறது. வெள்ளைப் பின்னணியில் தனியாக வைத்துப் பெரிதாக்கினால் கையளவு பெட்டியும் பெரிய பேட்டரி போலத்தான் இருக்கும். அதற்கும் வழி உண்டு. பழைய அகல யு.எஸ்.பி. துளை எந்தப் பொருளிலும் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர்தான். நான் அனுப்பிய படத்தில் பெட்டியின் அகலத்தில் அந்தத் துளை ஏழு முறை பொருந்தும். அப்படியானால் அகலம் எட்டரை சென்டிமீட்டர். இதை உங்கள் ஊழியர் திரையில் ஒரு அளவுகோலை வைத்தே கண்டுபிடித்திருக்கலாம். உள்ளே எவ்வளவு கொள்ளளவு இருக்கிறது என்பதைப் படம் சொல்லாது, அதற்கு எடை வேண்டும். பொருள் எந்த வகை என்பதைப் படம் கட்டாயம் சொல்லும்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே நான் கேட்பது: நான் கட்டிய முழுத் தொகையும் திரும்ப வேண்டும், மாற்றுப் பொருள் வேண்டாம், இராமநாதபுரத்தில் கடையிலேயே பேட்டரி வாங்கிக்கொள்கிறேன். பெட்டியை உங்கள் செலவில் எடுத்துச் செல்ல வேண்டும். அந்த இரண்டு பக்கங்களையும் உடனே நீக்கி, பேட்டரி என்று விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் லேபிளின் தெளிவான படத்தையும் வோல்ட், ஏ.ஹெச்., எடை மூன்றையும் போட வேண்டும். இன்வெர்ட்டரில் சேர்க்கச் சொன்ன ஆலோசனை தவறு என்று எழுத்தில் தர வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால் 1915 உதவி எண்ணிலும், இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். பெட்டியின் நான்கு பக்கப் படங்கள், லேபிளின் படம், தராசில் வைத்த படம், பார்சல் சீட்டு, உங்கள் ஊழியரின் பதில்கள் எல்லாவற்றையும் இத்துடன் இணைத்துள்ளேன். பெட்டி சார்ஜ் போடாமல், வெயில் படாத இடத்தில் இருக்கிறது. எடுக்க வருபவரிடம் உள்ளே லித்தியம் செல் இருப்பதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மண்டபம்.