நண்பருக்குக் கடிதம்: ஒரே அறையில் ஒரு எபிசோட்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நடமாடுகிறாய் என்பதில் மகிழ்ச்சி. நாங்கள் வீடு மாறியாகிவிட்டது. புத்தகங்களில் பாதி இன்னும் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன. எதைத் தேடினாலும் அது மட்டும் அடிப்பெட்டியில் இருக்கிறது. மற்றபடி சுகம்.

உன் தொடரின் ஆறாவது எபிசோடை ஒரே அறையில், மூன்று நடிகர்களை மட்டும் வைத்து முடித்துக்கொடுக்கச் சொல்லித் தயாரிப்பாளர் உத்தரவிட்டிருக்கிறார் என்று புலம்பியிருக்கிறாய். பணம் தீர்ந்துபோனதற்குக் கதை தண்டம் கட்ட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். கோபம் நியாயம்தான். ஆனால் இந்த நிலையில் நீ முதல் ஆள் இல்லை. பாட்டில் எபிசோட் என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்கிற இந்த வகை, பெரும்பாலும் பணமுடையில்தான் பிறந்திருக்கிறது. வேறெங்கோ செலவு கைமீறிப் போயிருக்கும். அதை ஈடுகட்ட, ஏற்கெனவே போட்டிருக்கும் செட்டுக்குள் கதையை அடைப்பார்கள். வெளிப்புறப் படப்பிடிப்பு இல்லை, லாரிகளை இடம் மாற்ற வேண்டாம், சிறப்பு நடிகர்கள் வேண்டாம், ஒருமுறை அமைத்த விளக்குகளைப் பெரிதாக மாற்றாமலே அடுத்த காட்சிக்குப் போகலாம்.

'செட் ஏற்கெனவே இருக்க வேண்டும்' என்பதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள். 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் முதல் சீசனில், 1993இல், 'ஐஸ்' என்று ஓர் எபிசோட் எடுத்தார்கள். பனிப்பிரதேச ஆய்வுக்கூடம் ஒன்றுக்குள் சிலர் மாட்டிக்கொள்ளும் கதை. ஒரே இடத்தில் எடுத்துப் பணத்தை மிச்சம் பிடிப்பதுதான் திட்டம். எபிசோட் அருமையாக வந்தது, ஆனால் போட்ட பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது. ஒரே இடம் என்பதாலேயே மலிவாகிவிடாது. உன் தயாரிப்பாளர் புதிதாக ஓர் அறையைக் கட்டச் சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் வை.

இனி எழுத்துக்கு வருகிறேன். நீ 'பிரேக்கிங் பேட்' பார்த்திருக்கிறாய். மூன்றாவது சீசனில், 2010 மே மாதம் வந்த 'ஃப்ளை' எபிசோடைப் பற்றி அப்போதே நாம் சண்டை போட்டிருக்கிறோம். 'ஓர் ஈயை அடிக்க ஒரு முழு எபிசோடா?' என்று நீ எரிந்து விழுந்தாய். உன்னைப் போல் சொல்பவர்கள் இன்றும் நிறையப் பேர். அந்தத் தொடரிலேயே ரசிகர்கள் மிகக் குறைவாக மதிப்பெண் போடும் எபிசோட் அதுதான். பட்ஜெட் கைமீறிப் போனதால்தான் அதை அப்படி எடுக்க நேர்ந்தது என்று தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே சொல்லியிருக்கிறார். எழுதியவர்கள் சாம் காட்லினும் மொய்ரா வாலி-பெக்கெட்டும், இயக்கியவர் ரயன் ஜான்சன். இப்போது உனக்கு அது பாடப்புத்தகம். இன்னொரு முறை பார், இந்த முறை ஈயைப் பார்க்காதே.

நிலத்தடியில் போதைமருந்து காய்ச்சும் ஆய்வுக்கூடம். அங்கே சரக்கு காய்ச்சும் வால்ட் ஓர் ஈயைப் பார்த்துவிடுகிறார். அது இருக்கும்வரை சரக்கு தூய்மையாக இருக்காது, ஆகவே வேலை நடக்காது என்று பிடிவாதம் பிடிக்கிறார். கூட்டாளி ஜெஸ்ஸிக்கு அவர் பேசுவது பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. கதைச்சுருக்கம் அவ்வளவுதான். ஆனால் அந்த அறைக்குள் எழுத்தாளர்கள் வெளியிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். முந்தைய சீசனில், 2009இல், ஜெஸ்ஸியின் காதலி ஜேன் போதையில் மூச்சுத்திணறிச் சாகும்போது வால்ட் பக்கத்திலேயே நின்று, காப்பாற்ற முடிந்தும் காப்பாற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இது வால்ட்டுக்குத் தெரியும், நமக்குத் தெரியும். ஜெஸ்ஸிக்குத் தெரியாது. இத்தனை நாளும் வேறு ஆட்கள், வேறு வேலை, வேறு ஆபத்து என்று அந்த விஷயத்துக்குப் பேச்சில் இடமே கிடைக்கவில்லை. இப்போது இரண்டே பேர், செய்ய வேலையும் இல்லை.

அந்த ஏணிக் காட்சிக்கு வா. வால்ட்டை எப்படியாவது தூங்கவைக்க, ஜெஸ்ஸி காபியில் தூக்க மாத்திரையைக் கலந்து கொடுத்துவிட்டான். வால்ட்டுக்கு நாக்கு குழறத் தொடங்குகிறது. தான் எப்போது செத்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று ஒரு கணத்தைத் தேடிப் போகிறார். தேடித் தேடி ஜேன் இறந்த அந்த இரவில் வந்து நிற்கிறார். அன்று மாலை ஒரு மதுக்கடையில் ஜேனின் அப்பாவைத் தற்செயலாகச் சந்தித்ததையும் சொல்லிவிடுகிறார். இன்னும் ஒரு வாக்கியம் சொன்னால் எல்லாம் கொட்டிவிடும். இதற்குள் ஜெஸ்ஸி ஈயைத் துரத்திக்கொண்டு தள்ளாடும் ஏணியின் மேலே ஏறிவிட்டான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் தூக்கத்தில் சரிந்துகொண்டிருக்கும் வால்ட். ஏணி சறுக்குமா, நாக்கு சறுக்குமா? 'ஜேனுக்காக வருந்துகிறேன்' என்கிறார். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு 'நானும்தான்' என்கிறான் ஜெஸ்ஸி. ஒரே வார்த்தை இரண்டு பேர் காதில் இரண்டு விதமாக விழுகிறது. இதைத் துப்பாக்கிச் சண்டை நிறைந்த எபிசோடில் எழுத முடியாது, அங்கே இந்த அளவு மௌனத்துக்கு இடம் கிடையாது.

அதன் பிறகும் உண்மை வெளிவரவில்லை என்பதுதான் இதில் கற்க வேண்டிய பெரிய விஷயம். பாட்டில் எபிசோடுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்னும் பின்னும் இருக்கும் எபிசோடுகளின் கதை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் நடுவில் பெரிதாக எதையும் உடைக்க முடியாது. அதனால் உடையப்போகும் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்துவதுதான் எழுத்தாளனின் வேலை. ஜெஸ்ஸிக்கு அந்த உண்மை தெரியவருவது 2013இல், 'ஆஸிமாண்டியஸ்' எபிசோடில். வால்ட் வேண்டுமென்றே, புண்படுத்துவதற்காகவே அதைச் சொல்கிறார். ஏணியடியில் கேட்ட குழறல் நமக்கு நினைவிருப்பதால்தான் அந்த இடம் அப்படித் தைக்கிறது.

அந்த அறைக்குக் கதவு இருந்தது என்பதையும் கவனி. யாரும் வெளியே பூட்டவில்லை. பூட்டு வால்ட்டின் மண்டைக்குள் இருக்கிறது. லிப்ட் நின்றுபோவது, புயலில் மாட்டிக்கொள்வது போன்றவற்றை நீ யோசித்திருப்பதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்பேன். மெக்கானிக் வந்ததும் லிப்ட் திறந்துவிடும், யாரும் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. அடைபட்டதற்கான காரணம் ஒருவரின் குணத்திலிருந்து வந்தால், வெளியே வருவதும் குணத்திலிருந்து வந்தாக வேண்டும். எழுத அது கடினம், ஆனால் எபிசோட் அதனால்தான் நிற்கும்.

சரி, எதையும் உடைக்க முடியாது என்றால் என்னதான் மாறும் என்று கேட்பாய். 'ஹோமிசைட்' என்ற போலீஸ் தொடரில் 1993இல் வந்த 'த்ரீ மென் அண்ட் அடேனா' எபிசோடைத் தேடிப்பிடித்துப் பார். ஏறக்குறைய முழுவதும் விசாரணை அறை. டாம் ஃபொன்டானா எழுதியது, அதற்கு எம்மி விருது வாங்கினார். ஒரு சிறுமியின் கொலையில் சந்தேகத்துக்குரிய முதியவர் ஒருவர், எதிரே இரண்டு துப்பறிவாளர்கள், கையில் பன்னிரண்டு மணி நேரம். அதற்குள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அவரை விட்டுவிட வேண்டும். அவர் ஒப்புக்கொள்வதில்லை. வழக்கு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் உள்ளே போகும்போது இவர்தான் கொலைகாரர் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்த துப்பறிவாளர் பேலிஸ், வெளியே வரும்போது தடுமாறுகிறார். அதுவரை நம்பாமல் இருந்த மற்றவர் பெம்பிள்டன் இப்போது நம்பத் தொடங்குகிறார். நிகழ்ச்சி எதுவும் மாறவில்லை, நிச்சயங்கள் மட்டும் கைமாறிவிட்டன. உனக்குக் கிடைக்கும் இடமும் அவ்வளவுதான். போதாதா?

நகைச்சுவைத் தொடர்களில் சங்கதி வேறு. 'ஃப்ரெண்ட்ஸ்' 1996இல் ஓர் எபிசோடை முழுக்க வரவேற்பறையில் எடுத்தது. விழாவுக்கு நேரமாகிவிட்டது, மற்றவர்கள் இன்னும் தயாராகவில்லை, ராஸ் கத்திக்கொண்டிருக்கிறான். அங்கே ரகசியம் தேவைப்படவில்லை, கடிகாரம் போதும். உன் கதைக்கு அது பொருந்தாது, சும்மா சொல்லிவைத்தேன்.

நீ அனுப்பிய முதல் வரைவைப் படித்தேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன். முதல் பத்துப் பக்கங்களில் அக்காவும் தங்கையும் இருவருக்கும் தெரிந்ததையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். 'அப்பா போன பிறகு நீ எப்படி மாறிப்போனாய்' வகை வசனங்கள். அறைக்கதை படுத்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. இரண்டாவது அறிகுறி உன் பதினான்காம் பக்கத்தில் மணியடிக்கும் தொலைபேசி. அறைக்குள் சூடு போதவில்லை என்றதும் வெளியிலிருந்து செய்தியை வரவழைக்கிறாய். அந்தத் தொலைபேசியை எடுத்துவிட்டுப் பார், எந்த இடத்தில் கதை நின்றுபோகிறது என்று உனக்கே தெரிந்துவிடும்.

மூவரில் தம்பிதான் உன் புதையல். வீட்டை எழுதிக்கொடுத்த பத்திரத்தில் அவன் கையெழுத்தும் இருக்கிறது என்று முன்பே காட்டியிருக்கிறாய். அக்காக்கள் இருவருக்கும் அது தெரியாது. ஆறாவது எபிசோடில் அதை ஏன் தொடவே இல்லை? அவர்கள் வேறு எதையோ தேடட்டும், ஒரு சாவியாகவோ பழைய புகைப்படமாகவோ இருக்கட்டும், அற்பமாக இருந்தால் இன்னும் நல்லது. தேடத் தேட அவர்கள் பத்திரத்துப் பக்கம் நெருங்க வேண்டும். அவனும் கூடவே தேடிக்கொடுக்க வேண்டும். கடைசியில் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் இளையவளாவது அவனை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும் எனக்கு நினைவில்லை. அவன் கையெழுத்துப் போடும் காட்சி இரண்டாவது எபிசோடிலா, மூன்றாவதிலா? மூன்றாவது என்றால் பார்ப்பவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும், அப்படியே விட்டுவிடலாம். இரண்டாவது என்றால் ஐந்தாவதில் எங்காவது அவன் அந்தப் பேனாவைத் தேடுகிற மாதிரி ஒரு வரி சேர்த்துவிடு. வரைவைத் திருத்தியதும் அனுப்பு. வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்